3000 ஆர்.பி.எம். என்பது எத்தனை ஜி? மையவிலக்கியின் விசையைக் கணக்கிடும் முறை

நான் முன்பு பணிபுரிந்த ஒரு ஆய்வகத்தில், இரத்த உறைவுப் பரிசோதனைகளுக்கான மேசைக்கு மேலே, பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. 'நீல மூடி டியூப் – 3000 ஆர்.பி.எம். – 15 நிமிடம்' என்பது மட்டுமே அதில் எழுதியிருந்தது. பல ஆண்டுகளாக அந்தச் சீட்டின்படியே வேலை ஒழுங்காக நடந்து வந்தது. பிறகு பழைய மையவிலக்கி பழுதாகி, மேசையில் அதில் பாதி இடத்தையே அடைக்கும் சிறிய இயந்திரம் ஒன்று வந்தது. சீட்டு மட்டும் மாறவில்லை. சில வாரங்கள் கழித்து, உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைப் பெறும் நோயாளிகளின், இரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. சோதனை முடிவுகள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருவதாக வார்டிலிருந்து கேள்வி வந்தபோதுதான், அந்த 3000 என்ற எண் எதைக் குறிக்கிறது என்று முதன்முறையாகக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்தக் கணக்கையே இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

சுற்று வேகமும் விசையும் ஒன்றல்ல

ஆர்.பி.எம். என்பது, டியூபுகளைத் தாங்கிச் சுழலும் ரோட்டர் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. டியூபுக்குள் இருக்கும் இரத்த அணுக்களுக்கு அந்த எண் நேரடியாகத் தெரியாது. அவை உணர்வது தங்களை வெளிப்புறமாக, டியூபின் அடியை நோக்கித் தள்ளும் முடுக்கத்தை மட்டுமே. அந்த முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல எத்தனை மடங்கு என்பதே சார்பு மையவிலக்கு விசை, சுருக்கமாக RCF. இதைத்தான் செய்முறைக் குறிப்புகளில் '1500 × g' என்று எழுதுகிறார்கள். அந்தப் பெருக்கல் குறியை விட்டுவிட்டு வெறுமனே '1500 g' என்று எழுதினால், புதிதாக வந்த ஒருவர் அதைக் கிராம் என்று படிக்கவும் கூடும். அப்படிப் படித்தவரை நான் பார்த்திருக்கிறேன்.

வட்டத்தில் சுற்றும் பொருளின் முடுக்கம், கோணத் திசைவேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் பெருக்கினால் கிடைக்கும். ஒரு முழுச் சுற்று 2π ரேடியன் என்பதாலும், ஒரு நிமிடத்துக்கு 60 விநாடிகள் என்பதாலும், ஆர்.பி.எம். எண்ணை 2π/60 ஆல் பெருக்கினால் கோணத் திசைவேகம் வந்துவிடும். ஆரத்தைச் சென்டிமீட்டரில் வைத்துக்கொண்டு, கிடைத்த முடுக்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கமான 980.665 செ.மீ./வி² ஆல் வகுத்தால், மாறாத எண்கள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு 0.00001118 என்று ஆகின்றன. எல்லா மையவிலக்கிக் கையேடுகளிலும் காணப்படும் அந்த விசித்திரமான எண் பிறந்தது இப்படித்தான்.

```
RCF = 0.00001118 × r × N²

r = ஆரம் (செ.மீ.)
N = நிமிடத்துக்கான சுற்றுகள் (RPM)
```

இத்தனை பூஜ்ஜியங்களுடன் கணக்குப் போடும்போது ஒன்று விடுபட்டால் விடை பத்து மடங்கு மாறிவிடும். ஆகவே நான் எப்போதும் சுற்று வேகத்தை ஆயிரங்களில் வைத்துக்கொள்கிறேன். அப்போது அதே சூத்திரம் கைக்கு அடக்கமாகிறது.

```
RCF = 11.18 × r × (N/1000)²
```

இந்த வடிவத்தில் 3000 ஆர்.பி.எம். என்பது வெறும் 3 ஆகிவிடுகிறது. 3-இன் வர்க்கம் 9, அதை 11.18 ஆல் பெருக்கினால் 100.62. அதாவது, 3000 ஆர்.பி.எம். வேகத்தில் ஆரத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஏறத்தாழ 100 ஜி கிடைக்கும். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால், மற்ற கணக்குகளில் பெரிய தவறு நேர்ந்திருக்கிறதா என்பதை அந்த இடத்திலேயே கண்டுகொள்ளலாம்.

முதல் படி: ஆரத்தை அளத்தல்

சூத்திரத்தில் பிழை செய்பவர்கள் குறைவு. ஆரத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ஆரம் என்பது இயந்திரக் கிண்ணத்தின் விட்டத்தில் பாதி அன்று. ரோட்டரின் வெளி விளிம்பு வரையிலான தூரமும் அன்று. சுழல் அச்சின் நடுப்புள்ளியிலிருந்து, டியூபுக்குள் இருக்கும் திரவத்தின் அடி எங்கே நிற்கிறதோ அந்த இடம் வரை, அச்சுக்குச் செங்குத்தாக அளக்கப்படும் தூரமே ஆரம். இதைப் பெரும ஆரம் என்கிறோம். குறிப்பு எதுவும் தராமல் ஒரு செய்முறை '1500 × g' என்று சொன்னால், பெரும்பாலும் அது பெரும ஆரத்தில் கிடைக்கும் விசையையே குறிக்கிறது.

ஸ்விங் அவுட் வகை ரோட்டரில், இயந்திரம் நிற்கும்போது பக்கெட்டுகள் கீழ்நோக்கித் தொங்குகின்றன. சுழலும்போது அவை எழுந்து கிடைமட்டமாகிவிடுகின்றன. ஆகவே தொங்கும் நிலையில் அளப்பது பயனற்றது. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, ஒரு பக்கெட்டைக் கையால் கிடைமட்டமாகத் தூக்கிப் பிடித்து, ரோட்டரை இறுக்கும் திருகின் நடுவிலிருந்து அளவுகோலை வைத்து அளக்க வேண்டும். ஒருவர் பிடிக்க மற்றொருவர் அளப்பது நல்லது.

இதில் எங்களுக்கே தெரியாமல் ஒளிந்திருந்தது ஒரு ரப்பர் மெத்தை. பழைய இயந்திரத்தின் கையேடு ஆரம் 17 செ.மீ. என்றது. அது வெறும் பக்கெட்டின் அடிவரைக்கும் உள்ள தூரம். ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் உள்ள நீல மூடி டியூப் 75 மி.மீ. நீளமே உள்ளது; பக்கெட்டோ அதைவிட நீளமான டியூபுகளுக்காகச் செய்யப்பட்டது. குட்டை டியூப் உள்ளே மூழ்கிப்போகாமல் இருக்க, அடியில் 2 செ.மீ. உயர ரப்பர் மெத்தை போட்டிருந்தார்கள். மெத்தையின் மேல் டியூப் நிற்பதால், உண்மையான ஆரம் 15 செ.மீ. தான். கையேட்டின் எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்திருந்தால் 3000 ஆர்.பி.எம். வேகத்தில் 1710 ஜி என்று கணக்கிட்டிருப்போம். உண்மையில் கிடைத்தது 100.62 × 15, அதாவது 1509 ஜி. சிட்ரேட் பிளாஸ்மாவுக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது 1500 ஜி, 15 நிமிடம். ஆக, அந்தச் சீட்டை எழுதியவர் யாரோ முறையாகக் கணக்கிட்டுத்தான் எழுதியிருக்கிறார். அவருடைய குறை, அந்த எண் எந்த ரோட்டருக்கு, எந்த மெத்தையுடன் பொருந்தும் என்பதை எழுதாமல் விட்டதுதான்.

ஆங்கிள் ஹெட் எனப்படும் நிலைச் சாய்வு ரோட்டரில் அளப்பது வேறு விதம். டியூப் சாய்வாக நிற்கும். அதன் அடி பெரும்பாலும் உலோக உடலுக்குள் மறைந்திருக்கும். டியூபின் சாய்வையொட்டி அளவுகோலை வைத்து அளந்தால் கிடைப்பது ஆரம் அன்று. எங்கள் புதிய இயந்திரத்தில் இதைச் செய்த விதம் எளிமையானது. வெற்று டியூப் ஒன்றை அதன் குழியில் வைத்து, மூடியில்லாத வாயின் நடுப்புள்ளி அச்சின் நடுவிலிருந்து எவ்வளவு தூரம் என்று கிடைமட்டமாக அளந்தோம், அது 4.4 செ.மீ. பிறகு ஒரு மெல்லிய குச்சியை டியூபின் அடிவரை விட்டு, வாயின் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டு, வெளியே எடுத்து அளந்தோம், அது 7.2 செ.மீ. ரோட்டரின் சாய்வு அச்சிலிருந்து 45 பாகை. குச்சியின் நீளத்தில் கிடைமட்டமாக நீளும் பகுதி 7.2 × 0.707, அதாவது 5.1 செ.மீ. இரண்டையும் கூட்டினால் 9.5 செ.மீ.

```
r = a + L × sin θ
r = 4.4 + 7.2 × sin 45° ≈ 9.5
```

டியூபின் அடி உருண்டையாக இருப்பதால், அதன் வெளிப்புற வளைவு இந்தப் புள்ளியைவிட ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு அப்பால் இருக்கும். நம் வேலைக்கு அந்த வித்தியாசம் பொருட்டல்ல.

இரண்டாம் படி: இப்போது கிடைக்கும் விசை

ஆரம் தெரிந்த பிறகு கணக்கு ஒரு வரி. புதிய இயந்திரத்தில் 3000 ஆர்.பி.எம். வைத்தால் 100.62 × 9.5, அதாவது 956 ஜி. கேட்டது 1500, கிடைத்தது அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. திரையில் தெரிந்த எண் அதே 3000 தான். சீட்டும் அதையே சொன்னது. யாருக்கும் ஐயம் எழவில்லை.

சிவப்பணுக்கள் 956 ஜி விசையிலேயே ஒழுங்காக அடியில் படிந்துவிடும். மேலே மஞ்சள் நிறப் பிளாஸ்மா தெளிவாகப் பிரிந்து நிற்பதைப் பார்த்து, எல்லாம் சரியாக இருப்பதாக நினைத்துவிடுவோம். ஆனால் தட்டணுக்கள் மிகச் சிறியவை, மெதுவாகவே இறங்குபவை. விசை குறைந்தால் அவற்றில் கணிசமானவை பிளாஸ்மாவிலேயே தங்கிவிடும், அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. தங்கிய தட்டணுக்கள் வெளியிடும் ஒரு புரதம் ஹெப்பாரினைப் பிணைத்து அதன் வேலையைக் கெடுக்கிறது, அதனால் ஏ.பி.டி.டி. நேரம் குறைவாகக் காட்டும். உறைவுச் சோதனையின் நேரத்தை நீட்டும் ஒரு எதிர்ப்பொருளான லூபஸ் எதிருறைவிப் பொருளைத் தேடும் சோதனையிலும், குறிப்பாகப் பிளாஸ்மாவை உறைய வைத்து உருக்கினால், உடைந்த தட்டணுக்களின் கொழுப்புப் பொருள் அதை மறைத்துவிடக்கூடும்.

மூன்றாம் படி: வேண்டிய விசைக்கான வேகம்

இப்போது சூத்திரத்தைத் திருப்பிப் போட வேண்டும். விசையை ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 299 ஆல் பெருக்கினால் ஆர்.பி.எம். கிடைக்கும். 0.00001118 என்ற எண்ணின் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கினால் வருவதே இந்த 299.

```
N = 299 × √(RCF / r)
N = 299 × √(1500 / 9.5) ≈ 3760
```

1500-ஐ 9.5 ஆல் வகுத்தால் 157.9, அதன் வர்க்கமூலம் 12.57, 299 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3760. விசை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேண்டியிருந்தும் வேகம் கால் பங்குதான் கூடியது என்பதைக் கவனியுங்கள். வேகம் வர்க்கமாக வேலை செய்வதால் வருவது இது. இதே காரணத்தால், விசையை இரு மடங்காக்க நினைத்து வேகத்தை இரு மடங்காக்குபவர் உண்மையில் நான்கு மடங்கு விசையைக் கொடுத்துவிடுகிறார்.

விரிதாளில் போட்டு வைக்க விரும்புவோர், B2 கட்டத்தில் ஆரத்தையும் C2 கட்டத்தில் வேகத்தையும், D2 கட்டத்தில் வேண்டிய விசையையும் இட்டு, கீழ்க்கண்ட இரண்டு வரிகளைப் பயன்படுத்தலாம்.

```
=0.00001118*B2*C2^2
=SQRT(D2/(0.00001118*B2))
```

ஆரத்தை மில்லிமீட்டரில் இட்டால் விடை பத்து மடங்கு பெரிதாக வரும். சில கையேடுகள் மில்லிமீட்டருக்கான சூத்திரத்தை, இன்னொரு பூஜ்ஜியத்துடன் தருகின்றன. இரண்டையும் கலந்துவிடக் கூடாது. மேலே சொன்ன 'சென்டிமீட்டருக்கு 100 ஜி' என்ற மனக்கணக்கு இங்கேதான் கைகொடுக்கும். மேசைமேல் வைக்கும் இயந்திரம் 3000 ஆர்.பி.எம். வேகத்தில் 9,000 ஜி தருவதாக விரிதாள் சொன்னால், அதன் ஆரம் ஏறக்குறைய 90 செ.மீ. ஆக இருக்க வேண்டும். அப்படி ஒரு மேசை இயந்திரம் கிடையாது.

கிடைத்த வேகத்தை உடனே இயந்திரத்தில் வைத்துவிடவும் கூடாது. ரோட்டரின் மேலோ பக்கெட்டின் மேலோ பொறிக்கப்பட்டிருக்கும் பெரும வேகத்தை முதலில் பார்க்க வேண்டும். அந்த எல்லையைக் கணக்கு மீறினால், அந்த ரோட்டர் அந்த வேலைக்கு உதவாது என்பதே பொருள். வேறு வழி இல்லை. டியூபுக்கும் தாங்கும் எல்லை உண்டு, அதைத் தயாரிப்பாளரின் குறிப்பில் காணலாம்.

வேகத்தைக் கூட்ட முடியாதபோது நேரத்தைக் கூட்டலாமா என்று பலர் கேட்பார்கள். விசையையும் நிமிடங்களையும் பெருக்கினால் 1500 × 15 = 22,500; அதை 956 ஆல் வகுத்தால் 23.5 நிமிடம். அணுக்கள் இறங்குவதற்கு மட்டும் என்றால் இந்தக் கணக்கு ஓரளவு சரிதான். ஆனால் ஜெல் உள்ள சீரம் டியூபுகளுக்கு இது பொருந்தாது; போதிய விசை இல்லாவிட்டால் ஜெல் இடம் பெயர்ந்து தடுப்பாக நிற்பதே நடக்காது, எவ்வளவு நேரம் சுற்றினாலும் சரி. எனவே இதை வேறு வழியில்லாத நாளுக்கு வைத்துக்கொண்டு, அப்படிச் செய்தால் பிளாஸ்மாவைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

எந்த ஆரத்தின் விசை?

ஒரே டியூபுக்குள்ளேயே விசை சீராக இல்லை என்பதை மறந்துவிடுகிறோம். பழைய ஸ்விங் அவுட் இயந்திரத்தில் அடிப்பகுதியின் ஆரம் 15 செ.மீ. சிட்ரேட் டியூபில் 3 மி.லி. அளவு நிரம்பிய இரத்தம் சுமார் 3.3 செ.மீ. உயரம் நிற்கும், ஆகவே அதன் மேல்மட்டம் அச்சிலிருந்து 11.7 செ.மீ. தொலைவில் இருக்கிறது. 3000 ஆர்.பி.எம். வேகத்தில் அடியில் 1509 ஜி இருக்கும்போது, மேல்மட்டத்தில் 1177 ஜி மட்டுமே. மேலிருந்து புறப்படும் தட்டணு, இறங்க இறங்க வலுவான விசைக்குள் வருகிறது.

இதனால் சிலர் நடு ஆரத்தை எடுத்துக் கணக்கிடுகிறார்கள். அதுவும் தவறன்று, ஆனால் எதை எடுத்தோம் என்று எழுத வேண்டும். நடு ஆரமான 13.35 செ.மீ. தூரத்தில் 1500 ஜி வேண்டும் என்று கணக்கிட்டால் வேகம் சுமார் 3170 ஆகும். அதே வேகத்தில் டியூபின் அடியில் 1685 ஜி இருக்கும். இரண்டு ஆய்வகங்கள் '1500 ஜி' என்று எழுதிக்கொண்டே நூற்றுக்குப் பன்னிரண்டு வித்தியாசத்துடன் வேலை செய்வது இப்படித்தான்.

நான்காம் படி: இயந்திரம் சொல்வது உண்மையா?

ஆரத்தில் நூற்றுக்கு 5 பிழை இருந்தால் விசையிலும் நூற்றுக்கு 5 தான் பிழை. வேகத்தில் அதே பிழை இருந்தால் விசையில் நூற்றுக்கு 10 வந்துவிடும். ஆகையால் வேகத்தைத் தனியாகச் சரிபார்ப்பது அவசியம். மூடியில் இருக்கும் கண்ணாடித் துளை வழியாக, ரோட்டரின் மேல் ஒட்டிய சிறு ஒளிப்பட்டையை நோக்கி ஒளி டாக்கோமீட்டரைப் பிடித்தால் உண்மையான வேகம் தெரிந்துவிடும். துளை இல்லாத இயந்திரத்தில் மூடியைத் திறந்து வைத்து இதைச் செய்ய முயலவே கூடாது. பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிட வேண்டும். திரை 3760 என்று காட்ட, உண்மையில் 3500 தான் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், நமக்குக் கிடைப்பது 1301 ஜி மட்டுமே.

புதிய இயந்திரங்களில் 'RCF' என்ற பொத்தானை அழுத்தினால் விசையே திரையில் வந்துவிடுகிறது, பிறகு ஏன் இத்தனை பாடு என்று தோன்றலாம். அந்த எண்ணை இயந்திரம் அளப்பதில்லை. மெனுவில் பதிந்து வைத்திருக்கும் ஆரத்தையோ ரோட்டர் எண்ணையோ கொண்டு அதுவும் இதே சூத்திரத்தில்தான் கணக்கிடுகிறது. ரோட்டரை மாற்றிவிட்டு மெனுவில் மாற்றாமல் விட்டால், அது தயங்காமல் பழைய ஆரத்தின் விடையையே காட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் மெத்தை இருப்பதும் அதற்குத் தெரியாது. ஒருமுறை கையால் கணக்கிட்டுத் திரையுடன் ஒப்பிட்டுவிட்டால் இது அகப்பட்டுவிடும்.

ஐந்தாம் படி: பிளாஸ்மாவையே சோதித்தல்

கணக்கு சரியா என்பதைக் கடைசியில் பிளாஸ்மாதான் சொல்ல வேண்டும். சுற்றி முடித்த டியூபிலிருந்து, அணுக்களின் படலத்துக்கு மேலே ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் பிளாஸ்மாவைத் தொடாமல் விட்டு, மேலேயுள்ளதை மட்டும் பிப்பெட்டால் எடுத்து அணு எண்ணியில் ஓட்ட வேண்டும். தட்டணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 10,000-க்குக் கீழே இருக்க வேண்டும். ஒரு டியூபுடன் நிறுத்தாமல், தட்டணு எண்ணிக்கை அதிகமுள்ள ஒரு மாதிரியையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அதில் தேறினால் மற்றவற்றில் தேறும்.

எங்கள் புதிய இயந்திரத்தில் 3000 ஆர்.பி.எம். வேகத்தில் எடுத்த பிளாஸ்மா இந்தச் சோதனையில் தேறவில்லை. 3760-க்கு மாற்றிய பிறகும் முதல் நாள் ஒன்றிரண்டு டியூபுகள் எல்லையைத் தாண்டின. காரணம் விசை அன்று, பிரேக். சாய்வு ரோட்டரில் அணுக்கள் டியூபின் ஒரு பக்கச் சுவரில் சரிவாகப் படிகின்றன. நிற்கும் நேரத்தில் பிரேக் திடீரென்று பிடித்தால் அந்தப் படிவு கலைந்து மேலே வந்துவிடுகிறது. உறைவுச் சோதனைகளுக்கு ஸ்விங் அவுட் ரோட்டரையே பொதுவாகப் பரிந்துரைப்பது இதனால்தான். பிரேக்கை நிறுத்தி, தானாக ஓய விட்டதும் எண்ணிக்கை எல்லைக்குள் வந்தது. லூபஸ் சோதனைக்காக உறைய வைக்க வேண்டிய பிளாஸ்மாவை மட்டும், புதிய டியூபுக்கு மாற்றி இரண்டாம் முறையும் சுற்றினோம்.

அந்தப் பழைய சீட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதியபோது அது நான்கு வரிகளாயிற்று: இயந்திரத்தின் பெயரும் ரோட்டரின் வகையும் சாய்வும், டியூபின் அளவும் அடியில் மெத்தை இல்லை என்பதும், பெரும ஆரம் 9.5 செ.மீ., அளந்த தேதி; கடைசியாக, '1500 × g = 3760 ஆர்.பி.எம்., முழு வேகம் எட்டிய பிறகு 15 நிமிடம், பிரேக் கிடையாது'.